பின்னரன்றி

கொழும்பில் புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பின்னால் உள்ள ஒரு ஒடுக்கமான தெருவில், புகைப்படப் பிரதி எடுக்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்று சொன்னாலும் மூன்று மேசை, இரண்டு மின்விசிறி, ஒரு இரும்பு அலுமாரி, அவ்வளவுதான். ஐயா சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். நாற்பது வருடமாக வடக்கிலிருந்து வரும் காணி உறுதிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்து வருகிறார். தூதரகத்துக்கு ஒருவர் கேட்பார், வழக்குக்கு ஒருவர் கேட்பார், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு விளங்கவேண்டும் என்று ஒரு தாய் கேட்பார். கணினி வேலைக்கு நானும், தட்டச்சுக்கும் சரிபார்ப்புக்கும் ஒரு அக்காவும் இருக்கிறோம்.

போன வருடம் ஐயாவின் கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தபோது வேலை குவிந்துவிட்டது. முதல் வரைவையாவது கணினி எழுதித் தரட்டும், ஐயா திருத்தட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தொடங்கிய வேலை பாதியில் திசை மாறியது. மாடலைப் பழக்குவது எளிது என்றும், பழக்கிய மாடல் எங்கே பிழை விடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை என்றும் எனக்குத் தெரியவந்த கதை இது. (‘மொடல்’, ‘சாம்பிள்’ இரண்டுக்கும் தமிழில் ‘மாதிரி’ என்றே சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் முன்னதை மாடல் என்றும் பின்னதை மட்டும் மாதிரி என்றும் எழுதுகிறேன்.)

எந்த மாடலை எடுப்பது என்ற கேள்விக்கு உரிமம்தான் பதில் சொன்னது. மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட, இருநூறு மொழிகள் தெரிந்த என்எல்எல்பி நல்லதுதான். ஆனால் அது வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லாத உரிமத்தோடு வருகிறது. நாங்களோ பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். ஆகவே சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2ஐ எடுத்தேன். அதன் உரிமம் தாராளமானது. சிறிய வடிவம் இலவசமாகக் கிடைக்கும் பதினாறு ஜிபி கிராபிக்ஸ் அட்டையிலேயே ஓடுகிறது. முதல் நாள் இரவு அது தந்த ஆங்கிலம் முழுதும் உளறல். காரணம் அதன் செய்முறைக் குறிப்பிலேயே இருந்தது. அந்த மாடல் தமிழைத் தமிழ் எழுத்தில் வாசிப்பதில்லை. இந்திய மொழிகளில் பெரும்பாலானவற்றைத் தேவநாகரிக்கு எழுத்துப்பெயர்த்த பிறகே உள்ளே எடுக்கிறது. அந்த முன்னாயத்தப் படியை நான் விட்டுவிட்டேன்.

சரியாக ஊட்டிய பிறகு உளறல் நின்றது. மாடல் நல்ல தமிழ் அறிந்ததுதான், ஆனால் அது அறிந்த தமிழ் வேறு. ‘நான்கு பரப்புக் காணி’ என்று கொடுத்தால் நான்கு ‘ஏரியா’ நிலம் என்றது. பரப்பு என்பது யாழ்ப்பாணத்து அளவை. ஆங்கில உறுதிகளில் லாச்சம் என்று எழுதுவார்கள். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. ‘கிழக்கு ஒழுங்கை’ என்பதைக் ‘கிழக்கத்திய ஒழுங்கு’ என்று பொருள்படும்படி பெயர்த்தது. ஒழுங்கை எங்களுக்கு ஒடுங்கிய பாதை. ‘உறுதி’ அதற்கு நிச்சயம், எங்களுக்குப் பத்திரம். பரம்பரையாக வரும் ‘முதுசம்’, மணவாழ்வில் தேடிச் சேர்த்த ‘தேடிய தேட்டம்’ இரண்டும் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையின் சொற்கள். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட வழமை அது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அவற்றை மாடல் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக எழுதியது. இதைத் திருத்தத்தான் நம் அலுமாரியில் இருப்பதைக் கொண்டு பழக்க வேண்டியிருந்தது.

அலுமாரியில் கணினிக் கோப்பாக இரு மொழியிலும் இருந்தவை 312 உறுதிகள். அவற்றில் முக்கால்வாசி பாமினி எழுத்துருவில் இருந்தன. இலங்கையில் தட்டச்சுச் செய்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பாமினியில் திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள் `jkpo;` என்றுதான் கிடக்கிறது. மாற்றிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் உறுதிக்குள் ஆங்கில எழுத்தில் காணித் துண்டு இலக்கமும் நில அளவை வரைபட இலக்கமும் இடையிடையே வரும். முழுக் கோப்பையும் மாற்றிக்குள் தள்ளினால் அந்த ஆங்கிலமும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். ஒவ்வொரு சொற்றொடருக்கும் எந்த எழுத்துரு போடப்பட்டிருக்கிறது என்று கோப்பிலிருந்தே வாசித்து, பாமினி போட்டதை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய பிறகும் ‘கொ’ என்பது சில இடங்களில் ஒரே குறியாகவும் சில இடங்களில் ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரிந்தும் கிடந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. யூனிகோட் ஒழுங்குபடுத்தலை ஒரு முறை ஓட்டினால் இது தீர்ந்துவிடும். ஓட்டாவிட்டால் ஒரே ஊர்ப்பெயர் இரண்டு ஊராகிவிடும்.

அடுத்தது நீளம். உறுதி எழுதும் பழைய நொத்தாரிசுமாருக்கு முற்றுப்புள்ளியில் நம்பிக்கை இல்லை. உறுதி முழுவதும் ஒரே வாக்கியமாக ஓடும். மாடல் ஒரு தடவையில் ஏறத்தாழ 256 டோக்கன், அதாவது அத்தனை சொல் துண்டுகள் வரைதான் எடுக்கும். மிஞ்சியதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அக்காவும் நானும் மூன்று வாரம் உட்கார்ந்து, எழுதிக் கொடுப்பவர், பெறுபவர், ஆதனத்தின் வரலாறு, அளவு, எல்லைகள், நிபந்தனைகள் என்று இயல்பாகப் பிரியும் இடங்களில் துண்டாக்கி இரு மொழியையும் எதிரெதிரே வைத்தோம். ஓர் உறுதிக்குச் சராசரியாக இருபத்தைந்து துண்டு. ஆட்களின் பெயர்களையும் அடையாள அட்டை இலக்கங்களையும் அதே வடிவிலான கற்பனைப் பெயர்களாலும் இலக்கங்களாலும் மாற்றினோம். அடுத்தவர் காணி விவரம் எங்கள் சோதனைக்குத் தீனியாகக் கூடாது என்பதில் ஐயா கண்டிப்பாக இருந்தார்.

பழக்கும் வேலையே ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. மாடல் முழுவதையும் அசைக்காமல், லோரா என்னும் முறையில் பக்கத்தில் ஒரு சிறிய ஒட்டு அடுக்கை மட்டும் பழக்கினேன். தரவு குறைவாக இருக்கும்போது முழு மாடலையும் அசைத்தால் அது முன்பு தெரிந்ததை மறந்துவிடும். முதல் ஓட்டத்தின் முடிவைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்துத் தொடர்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடும் `chrF` அளவுகோலில், பழக்காத மாடல் 41 எடுத்த இடத்தில் பழக்கியது 78 எடுத்தது. கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன்.

இரண்டு நாள் கழித்து அக்காதான் கேட்டார்: “இந்தக் கோண்டாவில் காணி பழக்கிய கோப்பிலும் இருக்கிறதே?” இருந்தது. ஒரு காணி தகப்பனிடமிருந்து மகளுக்குச் சீதனமாகவும் மகளிடமிருந்து அவள் மகனுக்கு நன்கொடையாகவும் போகும்போது, ஒவ்வொரு உறுதியிலும் அதே அட்டவணை, அதே எல்லைகள் எழுத்துக்கு எழுத்து திரும்ப வரும். நான் துண்டுகளைக் கலைத்துப் போட்டுச் சோதனைக்குப் பத்தில் ஒன்றைப் பிரித்திருந்தேன். மாடல் பரீட்சைத்தாளை முன்பே பார்த்திருந்தது. அதன் பிறகு காணிவாரியாகக் குழுவாக்கினேன். ஒரு காணியின் எல்லா உறுதிகளும் பழக்கும் பக்கமோ சோதனைப் பக்கமோ, ஒரே பக்கம்தான். சோதனைக்கு 36 உறுதிகள், 900 துண்டுகள். 78 என்பது 59 ஆகக் குறைந்தது. அந்த ஐம்பத்தொன்பதுதான் எங்கள் உண்மையான மதிப்பெண்.

இன்னொரு விசித்திரம். ஐந்தாறு சுற்றுக்கு மேல் பழக்கினால் மாடல் தாராள மனதோடு இல்லாத உரிமைகளை வழங்கத் தொடங்கியது. எங்கள் உறுதிகளில் எல்லைகளுக்குப் பிறகு பெரும்பாலும் கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் வரும். அது வராத உறுதியிலும் மாடல் கிணற்றில் பங்கை எழுதிவிட்டது. மனப்பாடத்தின் வேலை. மூலத்தோடு ஒப்பிடும்போது மொழிபெயர்ப்பு வழக்கத்தைவிட நீண்டிருக்கும் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்ததில் இது அகப்பட்டது. நான்காவது சுற்றில் நிறுத்திக்கொண்டேன்.

இனிதான் ஐயாவின் வேலை. 900 துண்டையும் வாசிக்க அவருக்கு நேரமும் இல்லை, கண்ணும் இல்லை. குலுக்கல் முறையில் 100 துண்டு எடுத்தேன். அவற்றோடு மனிதர் செய்த மொழிபெயர்ப்பு 30ஐயும் அடையாளம் தெரியாமல் கலந்து அச்சிட்டேன். எது கணினி, எது மனிதர் என்று தெரிந்தால் வாசிக்கிறவர் கணினியிடம் கண்டிப்பாகவோ இரக்கமாகவோ நடந்துகொள்வார். பிழையை இரண்டு வகையாக மட்டும் பிரிக்கச் சொன்னேன்: காணியையோ உரிமையையோ மாற்றிவிடும் பாரதூரமான பிழை, மற்றவை. ஐந்து படி, ஏழு படி என்று மதிப்பெண் கேட்டால் இருவர் ஒரே தாளுக்கு வேறு வேறு எண் போடுவார்கள். ‘இதில் கையொப்பம் வைப்பீர்களா, மாட்டீர்களா’ என்பதற்கு அந்தக் குழப்பம் இல்லை. இருந்தும் முதுசத்தை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதுவதா, பரம்பரைச் சொத்து என்று விரிப்பதா என்பதில் ஐயாவும் அக்காவும் ஒரு பின்னேரம் முழுதும் சண்டை பிடித்தார்கள். கடைசியில் அப்படியே எழுதுவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

ஐயா பாரதூரம் என்று சிவப்பில் சுழித்தவை மூன்று. அவற்றில் ஒன்று கணினியுடையது அல்ல. இரண்டு பரப்புக்குப் பதில் மூன்று பரப்பு என்று எழுதியிருந்த அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, “இப்படி எழுதிய யந்திரத்துக்கு ஏன் சம்பளம் கொடுக்கிறாய், தம்பி?” என்று கேட்டார். அது அவரே பல வருடங்களுக்கு முன் எழுதியது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்துவிட்டு, சொல்லிவிட்டேன். பழைய பிரதியை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தார். அன்று மத்தியானம் தேநீர் குடிக்க அவர் கீழே போகவில்லை.

ஆக நூற்றில் இரண்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நூறில் இரண்டு கண்டால் உண்மையான வீதம் இரண்டு என்று ஆகிவிடாது. நூறு துண்டு என்பது சிறிய மாதிரி. இந்த அளவுக்குப் புள்ளியியல் தரும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ அரை சதவீதத்திலிருந்து ஏழு சதவீதம் வரை நீள்கிறது. ஒன்றுமே அகப்படாமல் போயிருந்தாலும்கூட மூன்று சதவீதம் வரை இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அதைவிட முக்கியமானது, வாடிக்கையாளர் துண்டு வாங்குவதில்லை, உறுதி வாங்குகிறார். துண்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் இருபத்தைந்து துண்டுள்ள ஓர் உறுதி முழுவதும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு என்ன?

```python
0.98 ** 25   # 0.603
```

பத்து உறுதியில் நான்கில் பாரதூரமான பிழை ஒன்றாவது இருக்கும். பிழைகள் ஒரே உறுதியில் கூட்டமாக வரும் பழக்கம் உள்ளவை என்பதால் கணக்கு இதைவிடக் கொஞ்சம் இரக்கமாக இருக்கலாம். ஆனாலும் இரண்டு சதவீதம் என்று கேட்டபோது வந்த நிம்மதி அந்த ஒரு வரியில் போய்விட்டது.

கணினி விட்ட இரண்டு பிழைகளில் ஒன்று இலக்கம் பற்றியது. மற்றதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. பெற்றோர் மகளுக்கு வீட்டை நன்கொடையாக எழுதி, தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்ட உறுதி அது. நிபந்தனை இப்படி இருந்தது: ‘எமது சீவிய காலம் முடிந்த பின்னரன்றி மேற்படி ஆதனத்தைப் பராதீனப்படுத்தலாகாது.’ தாங்கள் இருக்கும்வரை மகள் விற்கக் கூடாது, அதன் பிறகு விற்கலாம் என்பது பொருள். மாடல் எழுதியது:

```text
The said property shall not be alienated
after the end of our lifetime.
```

தாய் தகப்பன் இறந்த பிறகு விற்கவே கூடாது என்கிறது ஆங்கிலம். முழுதும் தலைகீழ். ஆங்கிலத்தில் ‘எக்செப்ட்’ என்ற ஒரு சொல்தான் விடுபட்டிருக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் சரி என்பதால் `chrF` இந்தத் துண்டுக்கு மிக நல்ல மதிப்பெண் போட்டிருந்தது. வாக்கியமோ பிசிறில்லாத சட்ட ஆங்கிலம். முதலில் சரிபார்த்த அக்கா ஆங்கிலத்தை முதலில் வாசித்துவிட்டுத் தமிழைப் பார்த்ததால் இதைச் சரி என்று விட்டிருந்தார். நானும் விட்டிருப்பேன். அன்றிலிருந்து தமிழை முதலில் வாசிப்பது, ஆங்கிலத்தைக் கையால் மூடிக்கொள்வது என்று வழக்கமாக்கினோம்.

இரண்டு எதிர்மறை சேர்ந்து ஒரு நிபந்தனையாகும் இந்த அமைப்பு இன்றைய செய்தித் தமிழில் அரிது. ‘பிறகு மட்டுமே விற்கலாம்’ என்று எழுதுகிற காலம் இது. உறுதியிலோ இதுதான் நிபந்தனையின் இயல்பான வடிவம். சோதனைத் துண்டுகளில் இப்படிப்பட்டவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம் என்று ‘அன்றி’ என்று தேடினேன். ஐந்துகூட அகப்படவில்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. ‘பின்னர்’ என்பதோடு சேர்ந்ததும் ‘அ’ கரைந்து ‘ர’வுக்குள் போய்விடுகிறது. அப்படிச் சேர்ந்த இடங்களில் ‘அன்றி’ என்ற எழுத்துத் தொடரே இல்லை. ‘ன்றி’ என்று தேடினால் நன்றியும் பன்றியும் வருகின்றன. ‘ல்லை’ என்று தேடினால் ‘எல்லை’ எல்லாம் வந்து குவிகிறது, காணி உறுதியில் எல்லை இல்லாத பக்கம் ஏது? கொஞ்சம் மல்லுக்கட்டிய பிறகு இந்தத் தேடல் கோலம் நின்றது:

```python
pat = re.compile(
  r"(?<![நப])ன்றி|ாலொழிய|[இி]ல்லை|ாகாது|ாமல்|தல்ல")
```

இதில் சிக்கியவை 900இல் 54. அதாவது ஆறு சதவீதம். குலுக்கலில் எடுத்த நூறில் இவ்வகை ஆறோ ஏழோதான் வந்திருக்கும். அதில் ஒன்று பிழை என்று கண்டோம். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆகவே துண்டுகளை மூன்று குவியலாகப் பிரித்தேன்: எதிர்மறையும் நிபந்தனையும் உள்ள 54, மீதியில் அளவும் இலக்கமும் உள்ள 300, மற்ற 546. ஒவ்வொன்றிலும் நாற்பது நாற்பதாக எடுத்து ஐயாவிடம் கொடுத்தேன். முதல் குவியலில் ஏழு பாரதூரமான பிழை. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் ஒன்றுமில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 120இல் 8 பிழை, ஆகவே ஏறத்தாழ ஏழு சதவீதம் என்று எழுதினால் அது தவறு. சிறிய குவியலிலிருந்து வேண்டுமென்றே அதிகமாக அள்ளினோம் அல்லவா? ஒவ்வொரு வீதத்தையும் அந்தக் குவியலின் உண்மையான பங்கால் பெருக்க வேண்டும். முதல் குவியலில் 17.5 சதவீதம், அதன் பங்கு ஆறு சதவீதம், இரண்டாவதில் 2.5, பங்கு மூன்றில் ஒன்று. கூட்டினால் இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. குலுக்கல் சொன்ன அதே எண்தான். ஆனால் இப்போது பிழையில் பாதிக்கு மேல் எந்த ஆறு சதவீதத்தில் ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

ஐயாவிடம் சொன்னபோது அவர் பென்சிலை எடுத்து ‘அன்றி’, ‘ஒழிய’, ‘ஆகாது’ வரும்படி நிபந்தனைகளை எழுதத் தொடங்கிவிட்டார். மூன்று நாளில் அறுபது. சீவிய உரித்து, ஈடு மீட்பு, பங்காளியின் சம்மதம், இரண்டு சாட்சிகள் என்று நினைவிலிருந்தே வந்தன. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற்றம் நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. அந்த வாசகத்தையே எட்டு விதமாக மாற்றி எழுதினார். அவற்றையும் சேர்த்து மறுபடி பழக்கினேன். பழைய 54ஐ வைத்து மறுபடி சோதிப்பது அர்த்தமில்லாத வேலை. அந்தப் பிழைகளைப் பார்த்துவிட்டுத்தானே மருந்து எழுதினோம். அதற்குப் பின் அலுவலகத்துக்கு வந்த புதிய உறுதிகளிலிருந்து அவ்வகைத் துண்டு நாற்பது சேரும்வரை இரண்டு மாதம் காத்திருந்தோம். இம்முறை ஏழுக்குப் பதில் இரண்டு. குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். எவ்வளவு குறைந்தது என்பதை நாற்பது துண்டு சொல்லாது.

இப்போது வரைவு கணினியிலிருந்து வருகிறது. அந்தத் தேடல் கோலத்தில் சிக்கும் துண்டுகள் மஞ்சள் பின்னணியோடு அச்சாகின்றன. அவற்றுக்கு ஆங்கிலம் அச்சாவதே இல்லை, ஐயா தமிழைப் பார்த்துத் தானே எழுதுகிறார். மற்றவற்றை வாசித்துத் திருத்துகிறார். இலக்கங்கள் இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று ஒரு சிறிய நிரல் தனியாகப் பார்க்கிறது. இலக்கத்தை எழுத்தால் எழுதிய இடங்களில் அது குருடு.

போன கிழமை ஐயா ஒரு வேலை சொன்னார். அலுமாரியில் இருக்கும் அவருடைய பழைய மொழிபெயர்ப்புகளையும் அதே கோலத்தின் வழியாக விட்டு, மஞ்சள் போட்டுத் தரவேண்டுமாம். எத்தனை என்று கேட்டேன். “எல்லாவற்றையும்” என்றார். நேற்று வரை தொண்ணூறு உறுதி அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் வாசித்து முடித்தவை மேசையின் இடது பக்கம் கிடக்கின்றன. அதில் இரண்டில் சிவப்பு மை தெரிகிறது.